போட்டோவில் வந்த ஓஜைவ் கணக்கு: இடைநிலை தப்பாக வந்தால் எங்கே தேடுவது

பாளையங்கோட்டையில் மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்கும் புள்ளியியல் சொல்லிக் கொடுக்கிறேன். தேர்வு நெருங்கினால் களக்காடு, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வினாத்தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார்கள். கீழே ஒரே வரிதான் இருக்கும்: "டீச்சர், இடைநிலை தப்பா வருது."

பல வருடமாக இதே கணக்கைத் திருத்தியதில் ஒரு விஷயம் பிடிபட்டது. விடை எவ்வளவு தள்ளி வந்திருக்கிறது என்று முதலில் கழித்துப் பார்த்தால், தப்பு எந்த இடத்தில் நடந்தது என்பதை அந்த வித்தியாசமே பெரும்பாலும் சொல்லிவிடும். முழுக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டியதில்லை. அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எந்த அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்க்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் மாதிரிக் கணக்கை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், எல்லாத் தலைப்பிலும் அதுதான் வரும்.

## மாதிரிக் கணக்கு

களக்காட்டிலிருந்து வரும் ஒரு பையனின் வீட்டில் வாழை போடுகிறார்கள். அவனுக்குப் புரியட்டும் என்று வாழைத்தார் எடையை வைத்து நான் போட்ட கணக்கு இது. எண்கள் கணக்குக்காக வைத்தவை. மொத்தம் 80 தார், எடை பக்கத்து முழுக் கிலோவுக்குத் திருத்தி எழுதியது.

| எடை (கிலோ) | நிகழ்வெண் | குவிவு நிகழ்வெண் |
|---|---|---|
| 5–9 | 6 | 6 |
| 10–14 | 14 | 20 |
| 15–19 | 28 | 48 |
| 20–24 | 18 | 66 |
| 25–29 | 10 | 76 |
| 30–34 | 4 | 80 |

9-க்கும் 10-க்கும் நடுவில் இடைவெளி இருப்பதால் உண்மை எல்லைகள் 4.5, 9.5, 14.5, 19.5 என்று போகும். ஓஜைவ் என்பது குவிவு நிகழ்வெண்ணை வைத்து வரையும் வளைவரை. அதில் புள்ளி வைப்பது மேல் எல்லையில்: (9.5, 6), (14.5, 20), (19.5, 48), (24.5, 66), (29.5, 76), (34.5, 80). வளைவரை (4.5, 0)-வில் தொடங்கும்.

y அச்சில் 40-இல் இருந்து படுக்கைக்கோடு போட்டு, வளைவரையைத் தொட்ட இடத்திலிருந்து கீழே இறங்கினால் இடைநிலை 18.07. இதே போல 20-இல் முதல் கால்மானம் 14.5, 60-இல் மூன்றாம் கால்மானம் 22.83. வரைபடத்தாளில் 1 செ.மீ. = 5 கிலோ என்று எடுத்தால் ஒரு சின்னக் கட்டம் அரைக் கிலோ. ஆகவே கண்ணால் பார்த்து 18 என்றோ 18.2 என்றோ எழுதினால் அது சரியான விடைதான். 18.07 சூத்திரத்தில் மட்டும் கிடைக்கும், வளைவரையில் அத்தனை நுணுக்கத்தைத் தேடாதீர்கள்.

## அறிகுறி 1: நிகழ்வெண்ணைக் கூட்டினால் மொத்தம் வரவில்லை

கேள்வியில் 80 தார் என்று இருக்கிறது, நீங்கள் கூட்டினால் 75 வருகிறது. வரைபடத்தாளை எடுக்காதீர்கள். தப்பு போட்டோவில் இருக்கிறது.

முதலில் வித்தியாசத்தைக் கழியுங்கள். மங்கிய போட்டோவில் எண்கள் ஒரு குறிப்பிட்ட விதமாகத்தான் மாறித் தெரியும். 8 மங்கினால் 3 போலத் தெரியும், வித்தியாசம் 5. கையெழுத்துத் தாளில் 9-ம் 4-ம் குழம்பும், அதுவும் 5. 7 என்பது 1 ஆனாலும், 6 என்பது 0 ஆனாலும் 6 குறையும். 6-ஐ 5 என்று படித்தால் 1 குறையும். பத்தின் இடத்தில் குழம்பினால் இவையே 50, 60, 10 என்று வரும்.

இங்கே 5 குறைகிறது, எனவே 8-இல் முடியும் எண்ணைத் தேட வேண்டும். நம் அட்டவணையில் 28, 18 என்று இரண்டு இருக்கின்றன. 28-ஐ 23 என்று படித்திருக்கலாம், 18-ஐ 13 என்று படித்திருக்கலாம். நீங்கள் எழுதி வைத்ததில் எது 3-இல் முடிகிறதோ அதன் மேல் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். 8-க்கு இடப்பக்க வளைவு லேசாகவாவது நிழல் போலத் தெரியும். 3-க்கு இடப்பக்கம் முழு வெள்ளையாக இருக்கும்.

வரிசையே காணாமல் போயிருக்கிறதா? வித்தியாசம் 28, 18 போலப் பெரியதாக இருந்தால் பிரிவுகளை மேலிருந்து கீழே வாசியுங்கள். 10–14-க்கு அடுத்து 20–24 என்று தாவினால் நடுவில் ஒரு வரிசை தாளின் மடிப்புக்குள் போய்விட்டது. மடித்துப் பையில் வைத்த தாளில் இது நிறைய நடக்கும். பிரிவு அகலம் 5 என்று தெரிவதால் காணாமல் போன பிரிவு 15–19. அதன் நிகழ்வெண் மொத்தத்தில் குறையும் 28. போட்டோவைத் திருப்பி எடுக்காமலே இதை நிரப்பிவிடலாம்.

குவிவு நெடுவரிசை அச்சிட்டிருக்கிறதா? இருந்தால் வேலை இன்னும் சுலபம். 48-இல் இருந்து 20-ஐக் கழித்தால் 28. அடுத்தடுத்த இரண்டு குவிவு எண்களின் வித்தியாசம்தான் அந்த வரிசையின் நிகழ்வெண். எது மங்கலோ அதைத் தெளிவான மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்த அறிகுறியை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 28-ஐ 23 என்று படித்துவிட்டு மொத்தத்தைப் பார்க்காமல் 75-க்கே கணக்குப் போட்டால் இடைநிலை 18.30 வரும். சரியான விடை 18.07. மூன்றாம் கால்மானம் 22.83-க்குப் பதில் 23.18. வளைவரையில் இரண்டுமே ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடங்கிவிடும். விடை நம்பும்படியாக இருப்பதால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. ஆனால் அட்டவணைக்கு உண்டான மதிப்பெண் போய்விடும். அதனால்தான் என்னிடம் வருகிற எந்தப் போட்டோவுக்கும் "கூட்டிப் பாத்தியா?" என்று முதலில் கேட்கிறேன்.

மொத்தம் சரியாக வந்துவிட்டாலும் ஒரு ஓட்டை உண்டு. ஒரு இடத்தில் 8-ஐ 3 என்றும், இன்னொரு இடத்தில் 3-ஐ 8 என்றும் படித்தால் இரண்டும் அடித்துக்கொண்டு மொத்தம் 80 வந்துவிடும். மங்கலான எண் ஒன்றுக்கு மேல் இருந்தால் மொத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

எப்போது கேட்பது: கேள்வியில் மொத்தம் கொடுக்கவில்லை, குவிவு நெடுவரிசையும் இல்லை, எண் 3-ஆ 8-ஆ தெரியவில்லை என்றால் ஊகித்துப் பிரயோசனம் இல்லை. தாள் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அந்த அட்டவணையை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்தபடியே வரும். ஒன்பது மணிக்குக் குழல்விளக்குக்குக் கீழே எடுத்ததைவிட காலையில் திண்ணை வெளிச்சத்தில் எடுத்தது எப்போதும் தெளிவாக இருக்கும்.

## அறிகுறி 2: குவிவு நிகழ்வெண் மொத்தத்தைத் தாண்டுகிறது, அல்லது நடுவில் குறைகிறது

கடைசி குவிவு எண் 80 வர வேண்டிய இடத்தில் 296 வந்தால், தாளில் இருந்தது ஏற்கெனவே குவிவு நிகழ்வெண். அதை நிகழ்வெண் என்று நினைத்து இன்னொரு முறை குவித்திருக்கிறீர்கள் (6 + 20 + 48 + 66 + 76 + 80 = 296). நெடுவரிசைத் தலைப்பு போட்டோவில் வெட்டுப்பட்டால் இப்படி ஆகும். "9.5-க்கும் குறைவாக", "14.5-க்கும் குறைவாக" என்று இடது பக்கம் எழுதியிருந்தால் அது குவித்தது. குவிக்கவே வேண்டாம், நேரே புள்ளி வைக்கலாம்.

எண்கள் 80, 74, 60, 32, 14, 4 என்று இறங்கிக்கொண்டே போனால் அது ஒவ்வொரு எல்லைக்கும் மேலே எத்தனை என்று காட்டும் மேலின ஓஜைவுக்கானது. அதில் தப்பில்லை. ஆனால் அதைக் கீழ் எல்லையில் வைக்க வேண்டும்.

ஏறிக்கொண்டே வந்து நடுவில் ஒரே ஒரு இடத்தில் இறங்கினால் அது கூட்டல் பிழை, அல்லது அறிகுறி 1-இல் சொன்ன எண் குழப்பம். குவிவு நிகழ்வெண் ஒருபோதும் இறங்காது. ஒரு பிரிவில் ஒன்றுமே இல்லாவிட்டால் அப்படியே நிற்கும், அவ்வளவுதான்.

## அறிகுறி 3: அட்டவணை சரி, இடைநிலை மட்டும் தள்ளி வருகிறது

அதிகம் வருவது இதுதான். போன வாரம்கூட அந்தக் களக்காட்டுப் பையன் போன் பண்ணினான்.

"டீச்சர், விடையில 18னு போட்டிருக்கு. எனக்குப் பதினஞ்சரை வருது. மூணு தடவ வரைஞ்சிட்டேன்."

"எத்தன குறையுதுன்னு கழிச்சுப் பாரு மக்கா."

"ரெண்டரை."

"பிரிவு அகலம் எவ்வளவு?"

"அஞ்சு... ஓ. பாதி."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, போனை வைத்துவிட்டான். கிளையாகப் பிரித்துச் சொன்னால் இப்படி:

### பிரிவு அகலத்தில் சரிபாதி குறைந்தால்

புள்ளிகளை மேல் எல்லையில் வைக்காமல் பிரிவின் நடுவில் வைத்திருக்கிறீர்கள். 15–19-க்கான 48-ஐ 19.5-க்கு நேரே வைக்க வேண்டும், 17-க்கு நேரே வைத்துவிட்டீர்கள். எல்லாப் புள்ளியும் 2.5 இடப்பக்கம் நகர்ந்துவிட்டதால் வளைவரை முழுவதும் உருவம் மாறாமல் தள்ளி நிற்கிறது. இடைநிலை 15.57, முதல் கால்மானம் 12, மூன்றாவது 20.33 என்று மூன்றுமே ஒரே அளவு குறையும்.

இது பெரும்பாலும் நிகழ்வெண் பலகோணத்தின் பழக்கதோஷம். அதில் நடுப்புள்ளியில் வைத்துத்தான் வரைய வேண்டும். அந்தப் பாடம் முடிந்த கையோடு ஓஜைவ் வருவதால் கை தானாக நடுவுக்குப் போகிறது. ஏன் மேல் எல்லை என்று பிள்ளைகள் கேட்டால் நான் தாரை வைத்தே சொல்வேன்: 48 தார் 19.5 கிலோவுக்குள் இருக்கின்றன. 17 கிலோவுக்குள் 48 தார் இருக்கின்றன என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தப் பிரிவிலுள்ள 28 தாரில் பல 18, 19 கிலோவாக இருக்கும்.

திருத்தத்துக்குப் படத்தை அழிக்க வேண்டாம். தேர்வில் நேரம் இல்லை என்றால் x அச்சில் எழுதியுள்ள எண்களை அகலத்தில் பாதி கூட்டி எழுதினாலே வளைவரை சரியாகிவிடும். அதாவது 17 என்று எழுதிய இடம் 19.5 ஆக வேண்டுமென்றால் பழைய 14.5-இன் இடத்தில் 17 என்று வர வேண்டும். கொஞ்சம் குழப்பமான வேலை, பதற்றத்தில் திசையை மாற்றிப் போட்டுவிடுவார்கள். ஆறு புள்ளிதான், அழித்துவிட்டு வைப்பதே பத்திரம் என்பது என் கருத்து.

### சரியாக அரை குறைந்தால்

புள்ளிகள் 9, 14, 19 என்று வைக்கப்பட்டிருக்கின்றன. உண்மை எல்லை எடுக்கவில்லை. இடைநிலை 17.57 வரும். வரைபடத்தில் ஒரே ஒரு சின்னக் கட்டம்தான் வித்தியாசம், அதனால் நிறையப் பேர் இதைக் கண் பிழை என்று விட்டுவிடுகிறார்கள். மூன்று அளவுகளுமே ஒரே பக்கம் அரை அரையாகக் குறைந்தால் அது கண் பிழை இல்லை.

பிரிவுகள் 5–10, 10–15 என்று தொட்டுக்கொண்டு இருந்தால் 0.5 திருத்தமே கூடாது. அங்கே போய் 0.5 கூட்டினால் விடை அரை அதிகமாக வரும். அப்புறம், நிறைவடைந்த வயதைக் கேட்கும் அட்டவணையில் ஒரு நுட்பம் உண்டு. 10–14 வயது என்றால் 15 முடியாத எல்லாரும் அதற்குள் வருகிறார்கள். 14 வயது 11 மாதம் ஆன பிள்ளையும் 14 என்றே சொல்லும். அங்கே உண்மையான எல்லை 15. ஆனால் தேர்வுத்தாளில் வேறெதுவும் சொல்லாதவரை 14.5 என்றே எடுக்கும் வழக்கம் இருக்கிறது, விடைக்குறிப்பும் பெரும்பாலும் அதையே ஒட்டி வரும்.

### முழுப் பிரிவு அகலம் குறைந்தால்

இடைநிலை 13.07 என்று வந்தால், கீழின ஓஜைவைக் கீழ் எல்லையில் வைத்துவிட்டீர்கள். 48-ஐ 14.5-க்கு நேரே வைத்திருப்பீர்கள். மேலின ஓஜைவுக்கான விதியை இதற்குப் போட்டதால் வந்தது.

### வித்தியாசம் 0.1-க்குள் இருந்தால்

N/2-க்குப் பதில் (N+1)/2 எடுத்திருப்பீர்கள். 40-க்குப் பதில் 40.5-இல் கோடு போட்டால் விடை 0.09 மட்டுமே நகரும். ஓஜைவில் N/2 எடுப்பதுதான் வழக்கம். ஆனால் இதற்காகத் திருப்பி வரைய வேண்டாம்.

### வித்தியாசம் எதிலும் அடங்கவில்லை என்றால்

y அச்சின் எண்களைப் பாருங்கள். அச்சின் உச்சி 80-ஆ 100-ஆ? சில தாள்களில் குவிவு சதவீதத்தில் இருக்கும். அப்போது கோடு போட வேண்டியது 25, 50, 75-இல். சதவீத அச்சில் 40-இல் கோடு போட்டால் 32 தார் உள்ள இடம் கிடைக்கும், விடை 16.64 என்று வந்து குழப்பும்.

## அறிகுறி 4: கால்மானம் தப்பு

முதல் கால்மானம், இடைநிலை, மூன்றாம் கால்மானம் மூன்றும் சம இடைவெளியில் வருகின்றனவா பாருங்கள். 12, 19.5, 27 என்று வந்தால் x அச்சை நாலு துண்டாக வெட்டியிருக்கிறீர்கள். 4.5 முதல் 34.5 வரை 30 கிலோ, நாலில் ஒன்று 7.5. கால்மானம் எடையை நாலாகப் பிரிப்பதில்லை, தார்களை நாலாகப் பிரிக்கிறது. வெட்ட வேண்டியது y அச்சை: 20, 40, 60. நம் கணக்கில் சரியான இடைவெளிகள் 3.57, 4.76 என்று ஏறுமாறாகத்தான் வரும்.

அந்தப் பையனின் அப்பா ஒரு தடவை அவனைக் கூட்டிப்போக வந்தபோது நோட்டை எட்டிப் பார்த்து, "இந்தப் பதினாலரை என்னத்துக்கு?" என்று கேட்டார். "அண்ணாச்சி, எம்பது தார்ல இருவது தார் பதினாலரைக் கிலோவுக்குள்ள நிக்குன்னு அர்த்தம்" என்றேன். "அப்ப கழிவுத் தார் கால்வாசி" என்றார் உடனே. முதல் கால்மானத்தை அதற்குப் பிறகு நான் யாருக்கும் வேறு மாதிரிச் சொல்லிக் கொடுத்ததில்லை.

முதல் கால்மானம் மட்டும் தப்பாக இருந்தால், வளைவரை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். (4.5, 0)-வுக்குப் பதில் ஆதிப்புள்ளியிலிருந்து தொடங்கியிருந்தால் முதல் துண்டு மட்டும் சாயும். நம் கணக்கில் 20 என்பது முதல் பிரிவைத் தாண்டி இருப்பதால் விடை கெடாது, படத்துக்கு மட்டும் மதிப்பெண் குறையும். முதல் பிரிவிலேயே கால்வாசிக்கு மேல் அடங்கும் அட்டவணை என்றால் கால்மானமும் கெடும்.

## அறிகுறி 5: இரண்டு ஓஜைவும் வெட்டும் உயரம் 40 இல்லை

இரண்டையும் ஒரே தாளில் வரையச் சொன்னால், வெட்டும் புள்ளியின் உயரம் N/2 ஆகத்தான் இருக்க வேண்டும். இடைநிலையைப் பார்ப்பதற்கு முன் இந்த உயரத்தைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது ஏனென்றால், இடைநிலை சரியாக வந்தும் படம் தப்பாக இருக்க முடியும்.

உண்மை எல்லை எடுக்காமல் கீழினத்தை 9, 14, 19-இலும் மேலினத்தை 5, 10, 15-இலும் வைத்தால் ஒன்று அரை இடப்பக்கமும் மற்றது அரை வலப்பக்கமும் நகரும். வெட்டும் இடம் x அச்சில் 18.07-இலேயே நிற்கும், ஆனால் உயரம் 42.8 ஆகிவிடும். பிள்ளை 18 என்று எழுதிச் சந்தோஷப்படும். அதே தாளில் கால்மானம் கேட்டால்தான் 14 என்று வந்து குட்டு வெளிப்படும்.

உயரம் 50-ஐத் தாண்டிப் போனால் இரண்டையும் நடுப்புள்ளியில் வைத்திருக்கிறீர்கள், அறிகுறி 3-இன் முதல் கிளைக்குப் போங்கள்.

## அறிகுறி 6: வளைவரையே போட்டோவில் இருக்கிறது, படிக்கப் படிக்க வேறு வேறு விடை

"கொடுக்கப்பட்ட ஓஜைவிலிருந்து இடைநிலை காண்க" என்று படத்தோடு வரும் கேள்வி. இங்கே உங்கள் வரைதல் ஒன்றும் இல்லை, தப்பு படிப்பதில் மட்டுமே.

போன் திரை மேல் ஸ்கேல் வைத்தீர்களா? வைக்கவே கூடாது. தாளை மேசையில் வைத்து எதிரே உட்கார்ந்தபடி எடுத்த போட்டோவில் கீழ்ப்பக்கம் பெரிதாகவும் மேல்பக்கம் சின்னதாகவும் விழும். ஒரு போட்டோவை அச்செடுத்து அளந்தபோது y அச்சில் 0–20 துண்டு 26 மி.மீ. இருந்தது, 60–80 துண்டு 21 மி.மீ. நடுவில் உள்ளவை 24, 22. மொத்தம் 93 மி.மீ. அதில் பாதியான 46.5 மி.மீ.-இல் கோடு போட்டால் அந்த இடம் 40 இல்லை, 37. அதிலிருந்து இறங்கினால் இடைநிலை 17.55.

கவனியுங்கள், இது உண்மை எல்லை எடுக்காதபோது வரும் 17.57 போலவே இருக்கிறது. அதனால் அரைக் கிலோ குறைகிறது என்று யாராவது சொன்னால் "நீ வரைஞ்சதா, படத்தப் பாத்துப் படிச்சதா?" என்று முதலில் கேட்டுக்கொள்வேன்.

கட்டக்கோட்டைப் பிடித்துப் படியுங்கள். படம் எப்படிச் சாய்ந்தாலும் 40-க்கான கட்டக்கோடும் அதோடு சேர்ந்துதான் சாயும். 40 என்று எழுதிய இடத்திலிருந்து அந்தக் கோட்டிலேயே விரலை நகர்த்தி வளைவரையைத் தொடுங்கள். தொட்ட இடத்திலிருந்து நேர்க்கீழாக இறங்காமல், பக்கத்தில் உள்ள செங்குத்துக் கட்டக்கோட்டின் சாய்வை ஒட்டி இறங்குங்கள். ஒரு பெரிய கட்டத்துக்குள் எத்தனையாவது சின்னக் கட்டம் என்று எண்ணுங்கள். ஒரே கட்டத்துக்குள் சாய்வு மிகக் குறைவு என்பதால் பிழை பொருட்டாக இராது.

கட்டக்கோடு மங்கியிருந்தால், வளைவரையில் குறித்துள்ள புள்ளிகளைத் தேடுங்கள். இடைநிலைக்கு இருபுறமும் உள்ள இரண்டு புள்ளி போதும். (14.5, 20), (19.5, 48) என்று படிக்க முடிந்தால் மிச்சத்தைச் சூத்திரத்தில் முடிக்கலாம்:

```
14.5 + (40 − 20) / 28 × 5 = 18.07
```

புள்ளியைப் படிக்கும்போது குவிவு எண் முழு எண்ணாகத்தான் இருக்கும் என்பது ஒரு கைப்பிடி. 47.6 போலத் தெரிந்தால் 48 ஆக இருக்க நிறைய வாய்ப்பு. ஆனால் 47-ஆ 48-ஆ என்று ஊசலாடினால் அது தெரியாததுதான்.

வளைவரையில் திடீர் ஒடிவு இருக்கிறதா? தாளின் மடிப்பு அந்த இடத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். மடிப்பில் கட்டக்கோடும் சேர்ந்து ஒடிந்திருந்தால் அது தாளின் குற்றம். கட்டக்கோடு நேராக ஓடி வளைவரை மட்டும் ஒடிந்தால் அது உண்மையான புள்ளி, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பி எடுக்க முடிந்தால் தாளைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் எதையாவது வைத்து அமுக்கி, போனைத் தாளுக்கு இணையாகப் பிடித்து மேலிருந்து எடுங்கள். ஸ்கேன் செய்யும் ஆப் இருந்தால் நான்கு மூலையையும் தாளின் ஓரத்தில் வைக்காமல் வரைபடச் சட்டத்தின் மூலைகளில் வையுங்கள். தாள் வளைந்திருந்தாலும் சட்டம் ஓரளவு நிமிர்ந்துவிடும். எடுத்த பிறகு 0–20 துண்டும் 60–80 துண்டும் ஒரே நீளமா என்று ஒரு தடவை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அச்செடுக்கும்போது படம் முழுவதும் ஒருபக்கம் இழுபட்டால் பயம் இல்லை, கட்டமும் சேர்ந்து இழுபடுவதால் எண்ணிப் படிப்பது மாறாது.

## எல்லாம் பார்த்தும் ஒத்து வரவில்லை என்றால்

மொத்தம் சரி, குவிவு சரி, புள்ளி மேல் எல்லையில், கட்டத்தை எண்ணிப் படித்தாயிற்று, அப்படியும் விடைக்குறிப்போடு ஒரு சின்னக் கட்டமாவது தள்ளி நிற்கிறது என்றால் சூத்திரத்தில் ஒரு தடவை போடுங்கள். சூத்திரமும் உங்கள் வளைவரையும் ஒன்றாக வந்தால் உங்கள் வேலை முடிந்தது, விடைக்குறிப்பைச் சந்தேகப்படலாம். ஒரு வருடம் ஒரு விடைக்குறிப்பில் 5–9 பிரிவை 5–10 என்று எடுத்துப் போட்டிருந்ததை என் பிள்ளை ஒருத்தி இப்படித்தான் கண்டுபிடித்தாள்.

இந்தக் கட்டத்தில் தாள் போட்ட ஆசிரியரிடம் போவதுதான் முறை. "விடை தப்பு" என்று போகாமல், மூன்று எண்ணை எழுதி அனுப்புங்கள். அந்தப் பிள்ளை அனுப்பியது என்னிடம் இன்னும் இருக்கிறது: "ஐயா, N 80 வருகிறது. 40-ஆவது 14.5–19.5 பிரிவில் விழுகிறது, இடைநிலை 18.07. குறிப்பில் 18.57 இருக்கிறது, எல்லை 15 என்று எடுத்தீர்களா?" அன்றைக்குச் சாயந்தரமே திருத்தின குறிப்பு வந்துவிட்டது.